கொட்டேஷனை மறுக்கும் முன் பெட்டியை எடை போடுங்கள்

ஊறுகாய் பாட்டில்களை அடுக்கி வெளியூருக்கு அனுப்பும் சிறிய தயாரிப்பாளருக்கு மாதம் 2,000 அட்டைப்பெட்டி தேவைப்படுகிறது. பெட்டிக்காரர் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்புகிறார்: ஐந்து பிளை பெட்டி, இரண்டு கலர் அச்சு, ஒன்றுக்கு 39 ரூபாய், ஜிஎஸ்டி தனி, 30 நாள் கடன், விலை 10 நாளைக்குச் செல்லும். படித்ததும் வாயில் வருகிற பதில், "ரொம்ப ஜாஸ்தியா இருக்கே, கொஞ்சம் பார்த்துப் போடுங்க." பெட்டிக்காரர் 38 ஆக்குகிறார். ஒரு ரூபாய் குறைந்த திருப்தியோடு வாங்குபவர் சரி என்கிறார். பெரும்பாலான பேரம் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அந்த 39 ரூபாய் எதனால் ஆனது என்பது இருவருக்கும் நடுவில் பேச்சாகவே வருவதில்லை.

"பார்த்துப் போடுங்க" என்பது மறுப்பும் இல்லை, கோரிக்கையும் இல்லை. எவ்வளவு குறைக்க வேண்டும், எதில் குறைக்க வேண்டும், குறைத்தால் நாம் என்ன தருவோம் என்ற மூன்றுக்கும் அதில் பதில் கிடையாது. அதனால் பெட்டிக்காரர் தம் லாபத்திலிருந்து ஒரு ரூபாயை விட்டுக்கொடுப்பார். இல்லையென்றால் நமக்குத் தெரியாமல் காகிதத்திலிருந்து மூன்று ரூபாயை எடுத்துக்கொள்வார். மரியாதையாக மறுத்து நல்ல விலை வாங்க நினைப்பவர், பதில் எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட வேண்டும். அட்டைப்பெட்டி இதற்கு நல்ல உதாரணம். அதன் விலையைப் பள்ளிக்கூடக் கணக்கிலேயே பிரித்துப் பார்த்துவிடலாம்.

39 ரூபாய்க்குள் என்ன இருக்கிறது?

நம் பெட்டியின் நீளம் 400 மில்லிமீட்டர், அகலம் 300, உயரம் 250 என்று வைத்துக்கொள்வோம். பெட்டியைப் பிரித்து விரித்தால் ஒரே தாள். அதன் நீளம், பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கி, பின் அடித்து ஒட்டும் மடிப்புக்கு 50 மில்லிமீட்டர் சேர்த்தால் வருவது. 700 இருமுறை 1,400, அதோடு 50 சேர்த்து 1,450. தாளின் அகலம், பெட்டியின் அகலமும் உயரமும் சேர்ந்து 550, ஓரம் வெட்டுவதற்கு 20 சேர்த்து 570. ஆக ஒரு பெட்டிக்கு 1.45 மீட்டருக்கு 0.57 மீட்டர் அட்டை, அதாவது சுமார் 0.83 சதுர மீட்டர்.

அடுத்தது எடை. ஐந்து பிளை என்றால் மூன்று தட்டையான தாள்களும் அவற்றுக்கு நடுவே அலை அலையாக மடிந்த இரண்டு தாள்களும். காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் என்று சொல்வார்கள், ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம் என்பதே அது. மேல் தாள் 150, மற்றவை எல்லாம் 120 என்று கொட்டேஷனில் இருக்கிறது. தட்டைத் தாள்கள் மூன்றும் சேர்ந்து 390. அலைத் தாள் மடிந்து மடிந்து போவதால் ஒரு மீட்டர் அட்டைக்குக் கிட்டத்தட்ட 1.45 மீட்டர் காகிதம் பிடிக்கும். அலையின் அளவைப் பொறுத்து இந்த எண் கொஞ்சம் மாறும். ஆக 120 தாள் 174 ஆகிறது, இரண்டுக்கும் 348. மொத்தம் 738. இதை 0.83 சதுர மீட்டரோடு பெருக்கினால் பெட்டியின் எடை ஏறக்குறைய 610 கிராம். பசை இதற்கு மேல் சிறிது ஏறும்.

எடை கிடைத்துவிட்டால் மற்றது எளிது. கிராஃப்ட் காகிதம் கிலோ 36 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இந்த விலை வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது, அதனால் அன்றைய விலையைக் கேட்டே போட வேண்டும். காகிதத்துக்கு 22 ரூபாய், வெட்டும்போது வீணாவதற்கு ஐந்து சதவீதம் சேர்த்தால் 23. பசை, பின், மின்சாரம், கூலி, அச்சு எல்லாவற்றுக்கும் கிலோவுக்கு 11 ரூபாய் வைத்தால் ஒரு பெட்டிக்கு ஏழு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வண்டி வாடகை ஒரு ரூபாய். அடக்கம் சுமார் 31 ரூபாய் வருகிறது. பத்து சதவீதம் லாபம் சேர்த்தால் 34.

நம் கணக்கு 34, அவர் கேட்பது 39. நடுவில் இருக்கும் ஐந்து ரூபாயைப் பார்த்து அவர் ஏமாற்றுகிறார் என்று முடிவுகட்டுவதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய பிழை. வெளியில் இருந்து போட்ட கணக்கு இரண்டு ரூபாய் முன்னே பின்னே இருக்கும். வீணாகும் காகிதம் அவர் மெஷினின் அகலத்தைப் பொறுத்தது. நமது அளவு அந்த அகலத்துக்குப் பொருந்தாவிட்டால் ஐந்து சதவீதம் பத்தாகவும் ஆகலாம். ஆகவே இந்தக் கணக்கை அவர் முகத்தில் எறியக்கூடாது. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று நமக்குக் காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

முதல் கேள்வி அச்சைப் பற்றியது. பெட்டியில் பெயரும் சின்னமும் அச்சிட ஸ்டீரியோ என்கிற ரப்பர் அச்சு செய்ய வேண்டும். இது ஒருமுறைச் செலவு. இரண்டு கலருக்கு 3,000 ரூபாய் ஆகிறது என்று கொள்வோம். அதைத் தனியாகக் காட்டாமல் 2,000 பெட்டியில் பரப்பிவிட்டால் பெட்டிக்கு ஒன்றரை ரூபாய் ஏறும். முதல் ஆர்டரில் அது நியாயமான செலவு. இரண்டாவது, மூன்றாவது ஆர்டரிலும் அதே 39 தொடர்ந்தால் ஒரே ஸ்டீரியோவுக்குத் திரும்பத் திரும்பப் பணம் கட்டிக்கொண்டிருப்போம். நம் ஐந்து ரூபாய் இடைவெளியில் ஒன்றரை ரூபாய்க்கு இப்படி விடை கிடைத்துவிடுகிறது, யாரும் யாரையும் குறை சொல்லாமலே.

மறுப்பை எழுதுவது

விருதுநகர், திருநெல்வேலிப் பக்கத்துப் பெட்டிக்காரர் என்றால் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம் அண்ணாச்சி. கொட்டேஷன் கிடைச்சது, சீக்கிரம் அனுப்பினதுக்கு நன்றி. 39 ரூபாய் எங்க பாட்டில் விலைக்குக் கட்டுபடியாகலை, அதனால இந்த ரேட்ல ஆர்டர் போட முடியாத நிலை. அதே 150, 120 ஜிஎஸ்எம் காகிதத்துல, ஸ்டீரியோ சார்ஜைத் தனியாப் பிரிச்சு, மூணு மாசத்துக்கு 6,000 பெட்டி உறுதியா எடுத்துக்கிட்டு, சரக்கு இறங்கின அன்னைக்கே பணம் அனுப்பினா 34.50க்கு வர வாய்ப்பு இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. காகிதம் எந்த விலைக்குப் போட்டிருக்கீங்கன்னும் சொன்னா எனக்குப் புரிஞ்சுக்க உதவும். வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு பண்ணணும்."

இந்தச் செய்தி விலையைத் தெளிவாக மறுக்கிறது. மறுப்புக்குக் காரணம் நம் பக்கத்து நிலைமை, அவர் பேராசைக்காரர் என்பது இல்லை. காகிதத்தின் கனத்தைத் தொடக்கூடாது என்பதும் கோரிக்கைக்குள்ளேயே இருக்கிறது. கேட்கும் விலைக்கு எதிராக நாம் தருவதும் இருக்கிறது, முடிவுக்கு ஒரு நாளும் இருக்கிறது. "உங்க ரேட் மார்க்கெட்டுலயே இல்லை", "இதைவிடக் கம்மியா நாலு பேர் தர்றாங்க" போன்ற வாக்கியங்கள் ஒன்றுகூட இல்லை. அவை அண்ணாச்சியைத் தம் விலைக்கு வக்காலத்து வாங்க வைக்கும். அப்படி வாங்க ஆரம்பித்தவர் பிறகு இறங்கி வருவது கடினம்.

வேறு ஒருவர் குறைந்த விலை சொல்லியிருப்பது உண்மையானால் சொல்லலாம். ஆனால் அதே அளவு, அதே கனம், அதே அச்சு, அதே கடன் நாள் என்று ஒப்பிட்ட பிறகே சொல்ல வேண்டும். நூறு ஜிஎஸ்எம் காகிதத்தில் சொன்ன விலையை 120 ஜிஎஸ்எம் காகிதத்தோடு ஒப்பிடுவது பேரமாகாது. இல்லாத கொட்டேஷனை இருப்பதாகச் சொல்வது எனக்கு ஏற்பில்லாத வழி. காகிதக் கடையும் பெட்டிக்காரர்களும் ஒரே வட்டத்தில் இருப்பவர்கள், ஒரு போன் பேசினால் உண்மை தெரிந்துவிடும். இன்னொருவர் அனுப்பிய கொட்டேஷனைப் படம் பிடித்து அனுப்புவதும் தவறு, அது அவர் நம்மிடம் நம்பிக் கொடுத்தது.

இந்தச் செய்தியில் ஒரு சட்ட நுணுக்கமும் இருக்கிறது. கொட்டேஷன் என்பது பல நேரங்களில் வெறும் விலைத் தகவல்தான், சட்டப்படியான முன்மொழிவாக அது ஆகாமலும் போகலாம். முன்மொழிவாகவே இருந்தாலும், இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872இன் 7ஆவது பிரிவு, சம்மதம் நிபந்தனை இல்லாததாக, முழுமையானதாக இருக்க வேண்டும் என்கிறது. 39க்கு மாற்றாக "34.50க்குத் தாருங்கள், எடுத்துக்கொள்கிறேன்" என்று சொன்னால் அது சம்மதம் ஆகாது, புதிதாக நாம் வைக்கும் எதிர் முன்மொழிவு. அது வந்ததும் பழைய 39 கீழே விழுந்துவிடும். இங்கிலாந்தில் 1840இல் தீர்ப்பான ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கு இதற்குப் பேர்போனது. ஒரு பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாக ரெஞ்ச் சொன்னார், ஹைட் 950 கேட்டார், ரெஞ்ச் மறுத்தார். சரி, 1,000க்கே வாங்கிக்கொள்கிறேன் என்று ஹைட் திரும்பி வந்தபோது ஒப்பந்தம் இல்லை என்றது நீதிமன்றம்.

அதே நாட்டில் 1880இல் ஸ்டீவன்சன் எதிர் மெக்லீன் வழக்கில், வாங்குபவர் இரண்டு மாதத்தில் டெலிவரி எடுக்க ஒப்புவீர்களா என்று தந்தியில் விசாரித்தார். அது விசாரணைதான், மறுப்பாகாது என்று தீர்ப்பானது. பழைய விலை அங்கே உயிரோடு இருந்தது. காகித விலை ஏறிக்கொண்டிருக்கும் மாதத்தில் இந்த வேறுபாடு நமக்கு முக்கியம். 39 ரூபாயைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ள நினைப்பவர் "ஆர்டர் போட முடியாத நிலை" என்ற வாக்கியத்தை எடுத்துவிட்டு, "உங்கள் 39 ரூபாய் கொட்டேஷன் பரிசீலனையில் இருக்கிறது, அதற்கிடையில் இப்படிச் செய்ய வழி உண்டா என்று அறிய விரும்புகிறேன்" என்று எழுத வேண்டும். 39க்கு எந்தக் காலத்திலும் வாங்கப் போவதில்லை என்று உறுதியாக இருப்பவர் மறுத்தே எழுதலாம்.

எதைக் கொடுத்து எதை வாங்குவது

அண்ணாச்சி போனில் கூப்பிடுகிறார். "34.50 எல்லாம் வராதும்மா, காகிதமே எனக்கு 37க்குத்தான் இறங்குது." நல்ல பதில் இது. அவர் கணக்கைத் திறந்து காட்டத் தொடங்கிவிட்டார். காகிதம் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூடினால் நம் பெட்டிக்கு 64 காசு கூடும் என்று நமக்குத் தெரியும். ஆக 37 என்பதை அப்படியே ஒத்துக்கொண்டாலும் நம் கணக்கு 34லிருந்து 34.70க்குத்தான் போகிறது. "சரி அண்ணாச்சி, 37ன்னே வச்சுக்குவோம்" என்று அந்தக் காகிதக் கதையை ஏற்றுக்கொண்டு மற்றவற்றைப் பேசலாம். அவர் சொன்ன எண்ணை நம்பியது அவருக்கு மரியாதை, நமக்கும் நட்டமில்லை.

ஸ்டீரியோவைப் பிரித்ததும் 39 என்பது 37.50 ஆனது. பணத்தை 30 நாள் கழித்துத் தராமல் சரக்கு இறங்கியதுமே தருவது அவருக்கு மாத வட்டி மிச்சம். மாதம் ஒன்றரை சதவீத வட்டிக்குப் பணம் புரட்டுபவர் என்றால் பெட்டிக்கு அரை ரூபாய்க்கு மேல் வரும், அதில் ஐம்பது காசு கேட்கலாம். 37 ஆகிறது. மூன்று மாதத்துக்கு 6,000 பெட்டி உறுதி என்றால் காகிதத்தை ஒரே தடவை வாங்கலாம், நம் அளவுக்கு வேண்டிய அகலத்திலேயே ரீல் எடுத்து வீணாவதைக் குறைக்கலாம். அதற்கு ஒரு ரூபாய், ஆக 36. கடைசி ஐம்பது காசை அவர் லாபத்திலிருந்து விடுகிறார், நாம் 34.50லிருந்து ஒரு ரூபாய் ஏறுகிறோம். 35.50இல் கை கலக்கிறது. பழைய விலையில் 6,000 பெட்டிக்கு 2,34,000 ரூபாய் ஆகியிருக்கும். புதிய விலையில் 2,13,000, ஸ்டீரியோ 3,000 சேர்த்து 2,16,000. மிச்சம் 18,000 ரூபாய். அதில் அண்ணாச்சி தம் பையிலிருந்து விட்டது வெறும் 3,000 என்பதைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் செலவை இடம் மாற்றியதில் கிடைத்தது.

கடன் நாளை நீட்டிக் கேட்பது இதற்கு நேர்மாறான வழி. "விலையைக் குறைக்காட்டி போகுது, 90 நாள் கடன் கொடுங்க" என்று பலர் கேட்கிறார்கள். பெட்டிக்காரர் குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்தவர் என்றால் அது நமக்கே வினையாகும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. வருமான வரிச் சட்டத்திலும் இதற்கேற்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும்.

விலை இறங்கிய பிறகு

நல்ல விலை வாங்கிய பலர் ஏமாறுவது இதற்கு அப்புறம்தான். 120 ஜிஎஸ்எம் இருக்க வேண்டிய இரண்டு அலைத் தாளும் நடுத் தாளும் 100 ஆகிவிட்டால் பெட்டி பார்க்க அப்படியே இருக்கும். அச்சு அதே, நிறம் அதே. ஆனால் எடை 610 கிராமிலிருந்து 546 கிராமுக்கு இறங்கியிருக்கும், பெட்டிக்கு மூன்று ரூபாய் அளவுக்குச் செலவு குறைந்திருக்கும். நாம் பேசிக் குறைத்த மூன்றரை ரூபாய்க்கு ஏறக்குறைய சமம். கோடவுனில் எட்டு அடுக்கு ஏறியதும் கீழ்ப்பெட்டி வயிறு தள்ளும்போதுதான் விஷயம் தெரியும், அதற்குள் பாட்டில்கள் உடைந்திருக்கும்.

கண்டுபிடிக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். சரக்கு இறங்கும்போது வெவ்வேறு கட்டுகளிலிருந்து பத்துப் பெட்டி எடுத்துக் கடைத் தராசில் போடுங்கள். ஆறு கிலோவுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். ஐந்தரை கிலோ காட்டினால் கேள்வி கேட்கலாம். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் அட்டையில் சரியாகப் பத்து சென்டிமீட்டர் சதுரம் வெட்டி நகைக்கடைத் தராசு போன்ற ஒன்றில் வைக்க வேண்டும். அது ஒரு சதுர மீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதனால் கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் அட்டையின் மொத்த ஜிஎஸ்எம். நமக்கு 7.4 கிராம் வர வேண்டும். 6.6 வந்தால் தாள் மாறிவிட்டது. மழைக்காலத்தில் அட்டை ஈரம் உறிஞ்சி எடை கூடிக் காட்டும், ஆகவே காய்ந்த பெட்டியை எடை போட வேண்டும்.

இதைச் சண்டையாக்காமல் இருக்க ஒரே வழி, விலை பேசி முடிந்த அன்றே பெட்டி எடையையும் எழுதிக்கொள்வது. பர்ச்சேஸ் ஆர்டரில் "35.50 ரூபாய், காய்ந்த பெட்டியின் எடை 610 கிராம், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம், கிராஃப்ட் காகிதம் கிலோ 37 ரூபாய் கணக்கில்" என்று ஒரு வரி போதும். இருவரும் கையெழுத்திட்ட மாதிரிப் பெட்டி ஒன்றை இரு பக்கமும் வைத்துக்கொள்ள வேண்டும். காகிதம் 39க்குப் போய்விட்டது என்று அடுத்த மாதம் அண்ணாச்சி சொன்னால், இரண்டு ரூபாய்க்கு 1.28 என்று உடனே கூட்டிக் கொடுத்துவிடலாம். 35க்கு இறங்கினால் அதே அளவு குறைக்கச் சொல்லலாம். பழைய அட்டைப்பெட்டிகளையும் கழிவுக் காகிதத்தையும் அரைத்துத்தான் கிராஃப்ட் காகிதம் பெருமளவு தயாராகிறது. அந்தக் கழிவில் ஒரு பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதால் விலை ஏறி இறங்குவது அவர் கையிலும் இல்லை. ஏறும்போது கூட்டிக் கொடுக்காத வாங்குபவருக்குத்தான் மெல்லிய தாள் வந்து சேரும்.

35.50க்கும் அவர் வரவில்லை என்றால்? மறுத்துவிட வேண்டியதுதான், ஆனால் பதில் சொல்லாமல் நழுவக்கூடாது. நம் ஊரில் பெரும்பாலும் மறுப்பு மௌனமாகத்தான் நடக்கிறது. போனை எடுக்காமல் விடுவது மரியாதை என்று நினைத்துக்கொள்கிறோம். அவரோ நம் அளவுக்கு ரீலை ஒதுக்கி, மெஷினில் நாள் குறித்து வைத்திருப்பார். "அண்ணாச்சி, இந்தத் தடவை 36.50 எனக்குச் சரிப்பட்டு வரலை, வேற இடத்துல கொடுத்துட்டேன். உங்க காகிதம் நல்லா இருந்துச்சு, அடுத்த சீசனுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன். மாதிரிப் பெட்டிக்கு எவ்வளவு ஆச்சுன்னு சொல்லுங்க, அனுப்பிடறேன்." இந்தச் செய்திக்கு இரண்டு நிமிடம் போதும். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாக எழுதியிருந்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதை அனுப்பிவிடுங்கள்.